வேறு மாதிரி வரவே முடியாதா?

அன்புள்ள பெற்றோருக்கு,



வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுக்கிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கிறது. சிலர் நேரில் வந்தே கேட்டீர்கள். "போர்ஷன் முடியவேண்டிய நேரத்தில் விடுகதை எதற்கு, டீச்சர்?" என்றார் ஒரு தாய். விடியற்காலையில் தறிக்குழியில் கால் வைத்து இருட்டும்வரை நெய்து பிள்ளையைப் படிக்கவைப்பவர் கேட்கிற கேள்வி அது. வாய்ப்பேச்சில் இரண்டு வரி சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்லவருவது ஒன்றே ஒன்றுதான். தேர்வில் ஒரு விடையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்த விடையைத் தவிர வேறு எதுவும் வரமுடியாது என்று காட்டுவது மீதிப் பாதி. பாடக் கணக்குகளில் பிள்ளைகள் முதல் பாதியைப் பழகிக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதிக்குத் தனியாகப் பயிற்சி வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு புதிர் அந்தப் பயிற்சிக்காகத்தான். எப்படி என்பதை ஒரு புதிரைப் பிரித்துக் காட்டினால் விளங்கும். நீங்களும் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு வீட்டுக் கூடத்தில் நான்கு தறிகள் வரிசையாக இருக்கின்றன. இடமிருந்து வலமாக அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று எண். ஒவ்வொன்றிலும் ஒரு நிறச் சேலை: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து. மூன்று குறிப்புகள் தரப்பட்டுள்ளன.

குறிப்பு 1: அரக்குக்கு வலப்பக்கம் ஒட்டி அடுத்த தறியில் மஞ்சள் ஓடுகிறது.
குறிப்பு 2: பச்சை இரண்டு ஓரத் தறிகளிலும் இல்லை.
குறிப்பு 3: மயில்கழுத்து முதல் தறியில் இல்லை.

எந்தத் தறியில் எந்த நிறம்?

இதைக் கொடுத்த சில நிமிடங்களிலேயே வகுப்பில் பாதிக் கைகள் உயர்ந்துவிடும். "அரக்கு, மஞ்சள், பச்சை, மயில்கழுத்து" என்பார்கள். விடை சரிதான். ஆனாலும் நான் அவ்வளவு சீக்கிரம் சரி போடுவதில்லை. நோட்டை வாங்கிப் பார்ப்பேன். அங்கே ஒற்றை வரிசை மட்டும் எழுதியிருந்தால், அந்தப் பிள்ளை முதலில் தோன்றியதை வைத்துப் பார்த்திருக்கிறது, மூன்று குறிப்போடும் ஒத்துப்போனது, நிறுத்திவிட்டது என்று தெரிந்துவிடும். பொருந்துகிற ஒரு விடை கையில் இருக்கிறது. அது ஒன்றுதான் விடை என்பதற்கு எந்த ஆதாரமும் நோட்டில் இல்லை.

முழு வேலை இப்படி இருக்கும். அரக்கும் மஞ்சளும் ஒட்டியே வரவேண்டும் என்பதால் அந்த ஜோடிக்கு மூன்றே இடங்கள்தான் உண்டு: 1-2, 2-3, 3-4. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும்.

நிலை 1. அரக்கு 1, மஞ்சள் 2. மீதி 3-ம் 4-ம். பச்சை ஓரத்தில் வராது (குறிப்பு 2). ஆகவே பச்சை 3, மயில்கழுத்து 4. எல்லாக் குறிப்பும் பொருந்துகிறது.

நிலை 2. அரக்கு 2, மஞ்சள் 3. மீதி 1-ம் 4-ம். இரண்டுமே ஓரம். பச்சைக்கு இடமே இல்லை (குறிப்பு 2). இந்த நிலை வராது.

நிலை 3. அரக்கு 3, மஞ்சள் 4. மீதி 1-ம் 2-ம். பச்சை ஓரத்தில் வராததால் அது 2. அப்படியானால் மயில்கழுத்து 1. ஆனால் குறிப்பு 3 அதைத் தடுக்கிறது. இந்த நிலையும் வராது.

மூன்று நிலைகளில் இரண்டு அடிபட்டுவிட்டன. எனவே நிலை 1 மட்டுமே விடை.

இந்த நாலைந்து வரிகளில் நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, எத்தனை நிலைகள் உண்டு என்று ஆரம்பத்திலேயே எண்ணி வைத்திருக்கிறார்களா என்பது. எண்ணாமல் இறங்கினால் ஏதோ ஒரு நிலை விட்டுப்போகும். விட்டுப்போனது தெரியவும் தெரியாது. இரண்டு, ஒரு நிலையை அடிக்கும்போது எந்தக் குறிப்பால் அடிக்கிறோம் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்களா என்பது. அடைப்புக்குறிக்குள் "குறிப்பு 2" என்று எழுதுவது சின்ன வேலையாகத் தெரியும். அதை எழுதப் பழகியவர்கள், வடிவியலில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதச் சொன்னால் தயங்குவதில்லை.

தப்பு எங்கே நேர்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அதிகம் வருவது, சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்வது. நெசவு வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் புதிரில் அது தெளிவாகத் தெரியும். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை கோர்த்துப் பார்த்த கண்கள் அவை. "அரக்கும் பச்சையும் பக்கத்துலதான் இருக்கும்" என்று ஒரு பிள்ளை பச்சையை அரக்கை ஒட்டிப் போட்டுவிடும். வீட்டில் பார்த்தது உண்மைதான். ஆனால் புதிர் அப்படிச் சொல்லவில்லை. "இது எந்தக் குறிப்பில் இருக்கிறது?" என்று கேட்டால் அந்தப் பிள்ளையே மறுபடி படித்துப் பார்த்து அழித்துவிடும். வடிவியல் கணக்கிலும் இதே தப்புதான் நேர்கிறது. படத்தில் ஒரு கோணம் செங்கோணம்போலத் தெரியும். வினாவில் அது செங்கோணம் என்று இருக்காது. பார்வைக்குத் தெரிந்ததை நம்பிப் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுவிடுவார்கள். தரப்பட்டது எது, தானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரிக்கத் தெரியாததுதான் இரண்டுக்கும் காரணம்.

அடுத்த வாரம் இதே புதிரை எடுத்து மூன்றாம் குறிப்பை மட்டும் நீக்கிவிடுவேன். இப்போது நிலை 3 அடிபடாது. இரண்டு விடைகள் நிற்கும்: "அரக்கு, மஞ்சள், பச்சை, மயில்கழுத்து" ஒன்று, "மயில்கழுத்து, பச்சை, அரக்கு, மஞ்சள்" இன்னொன்று. "டீச்சர், கணக்கு தப்பு" என்பார்கள். கணக்கு தப்பில்லை, தகவல் போதவில்லை. போதாத தகவலை வைத்துக்கொண்டும் சிலவற்றை உறுதியாகச் சொல்லமுடியும் என்பதுதான் அன்றைய பாடம்.

பச்சையும் மயில்கழுத்தும் பக்கத்துப் பக்கத்துத் தறிகளில் இருக்கின்றன என்ற கூற்றை எடுங்கள். இரண்டு விடைகளிலும் அது உண்மை. எனவே அது கட்டாயம் உண்மை. பச்சை 3-ஆம் தறியில் இருக்கிறது என்பது ஒரு விடையில் உண்மை, மற்றதில் இல்லை. அது உண்மையாக இருக்கலாம், அவ்வளவுதான். மஞ்சள் 3-ஆம் தறியில் இருக்கிறது என்பது இரண்டிலும் இல்லை. அது ஒருபோதும் வராது. கட்டாயம், இருக்கலாம், முடியாது என்ற மூன்றையும் கலக்காமல் வைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை, "பின்வருவனவற்றுள் எது எப்போதும் உண்மை?" என்று கேட்கும் எந்த வினாவிலும் தடுமாறாது. தடுமாறுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள்: 'இருக்கலாம்' என்பதைக் 'கட்டாயம்' என்று எடுத்துக்கொள்வார்கள்.

எட்டாம் வகுப்பில் நம் பிள்ளைகள் எழுதுகிற தேசிய வருவாய்வழி மற்றும் தகுதித் தேர்வில் இந்த வகை வினாக்களுக்கு நேரடியான இடம் உண்டு. அதில் மனத்திறன் பகுதிக்கு 90 வினாக்கள், 90 நிமிடங்கள். பாட அறிவுப் பகுதிக்கும் அதே அளவு. தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்தான் என்கிறபோது நிலைகளைப் பிரித்து எழுத நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே எழுதவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மெதுவாக எழுதி எழுதிப் பழகியவர்களுக்கு, "ஒட்டி வரும் ஜோடிக்கு மூன்று இடம்" என்பது அங்கே சட்டென்று தோன்றும். பின்னாளில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதினாலும், 200 வினாக்களில் 25 திறனறிவுக்கும் மனக்கணக்குக்கும்தான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் புதிர் கேட்பதில்லையே என்பது நியாயமான கேள்வி. கேட்பதில்லை. ஆனால் நிலை பிரித்து, காரணம் காட்டி, ஒன்றை விலக்குகிற வேலை அங்கே வேறு உடையில் வருகிறது. இருபடிச் சமன்பாட்டில் இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

முதல் கணக்கு: ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 4 மீட்டர் அதிகம். பரப்பு 60 சதுர மீட்டர். அகலம் என்ன? அகலத்தை x என்று வைத்தால் x² + 4x − 60 = 0. காரணிப்படுத்தினால் (x + 10)(x − 6) = 0. x-க்கு 6, −10 என்று இரண்டு மதிப்புகள் வரும்.

இரண்டாம் கணக்கு: ஓர் எண்ணையும் அதன் வர்க்கத்தையும் கூட்டினால் 90 வருகிறது. அந்த எண் என்ன? x² + x − 90 = 0. காரணிகள் (x + 10)(x − 9). x-க்கு 9, −10 என்று இரண்டு மதிப்புகள்.

இரண்டிலும் −10 வருகிறது. முதல் கணக்கில் அதை விலக்கவேண்டும்; அகலம் குறை எண்ணாக இருக்கமுடியாது என்று ஒரு வரி எழுதியே விலக்கவேண்டும். இரண்டாவதில் விலக்கவே கூடாது. −10-ன் வர்க்கம் 100, அதோடு −10-ஐக் கூட்டினால் 90. வினாவில் 'இயல் எண்' என்றோ 'மிகை எண்' என்றோ இல்லை. எனவே இரண்டும் விடை. "மைனஸ் வந்தால் அடித்துவிடு" என்று வழக்கமாக மனப்பாடம் செய்த பிள்ளை முதல் கணக்கில் தப்பித்து இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். எந்தக் குறிப்பு இதை அடிக்கிறது என்று தேடப் பழகிய பிள்ளை, இரண்டாவதில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்று பார்த்துவிட்டு −10-ஐ விட்டுவைக்கும். தறிப் புதிரில் செய்த அதே வேலைதான் இது.

மூன்று மாறிகளில் அமைந்த ஒருங்கமைச் சமன்பாடுகளிலும் இதே மூன்று முடிவுகள் வரும்: ஒரே தீர்வு, எண்ணற்ற தீர்வுகள், தீர்வு இல்லை. மூன்றாம் குறிப்பை நீக்கியபோது விடை பெருகியதைப் பார்த்தவர்களுக்கு, 0 = 0 என்று வந்து நிற்கும் கணக்கு புதிதாகத் தெரிவதில்லை. ஒரு சமன்பாடு புதிதாக எதையும் சொல்லவில்லை, குறிப்பு குறைந்துபோய்விட்டது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு வகைப் புதிர் உண்டு. அதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பெரியவர்களும் தடுக்கி விழுகிற இடம் அது. பீட்டர் வேசன் என்ற இங்கிலாந்து உளவியலாளர் 1966-ல் எழுதியது. தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரியும் பக்கங்களில் அ, க, 4, 7 என்று இருக்கின்றன. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும். இந்த விதி மீறப்படவில்லை என்று உறுதிசெய்ய எந்தெந்த அட்டைகளைப் புரட்டவேண்டும்?

பெரும்பாலானவர்கள் 'அ' என்றும் '4' என்றும் சொல்வார்கள். சரியான விடை 'அ', '7'. 4-க்குப் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது; இரட்டை எண்ணுக்குப் பின்னால் உயிரெழுத்துதான் இருக்கவேண்டும் என்று விதி சொல்லவே இல்லை. ஆனால் 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்துவிட்டால் விதி போய்விட்டது. படித்தவர்களிடம் வைத்த சோதனையிலேயே பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

இதையே நான் காஞ்சிபுரத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பேன். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரையை நீங்கள் அறிவீர்கள். விதி: முத்திரை தொங்கினால் சேலை தூய பட்டு. உங்கள் முன் நான்கு சேலைகள். முதலாவதில் முத்திரை இருக்கிறது. நூல் எதுவென்று தெரியாது. இரண்டாவதில் முத்திரை இல்லை. நூல் எதுவென்று தெரியாது. மூன்றாவது தூய பட்டு என்று தெரியும். முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நான்காவது செயற்கை நூல் என்று தெரியும், முத்திரையைப் பார்க்கவில்லை. யாரோ ஏமாற்றுகிறார்களா என்று தெரிந்துகொள்ள எந்தச் சேலைகளைச் சோதிக்கவேண்டும்?

நீங்கள் இதற்குள் சொல்லியிருப்பீர்கள். முதல் சேலையிலிருந்து நூல் எடுத்து எரித்துப் பார்க்கவேண்டும். நான்காவதில் முத்திரை தொங்குகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது சேலையில் முத்திரை இல்லாவிட்டால் என்ன? தூய பட்டை முத்திரை இல்லாமல் விற்பவர்கள் எத்தனையோ பேர். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அட்டையில் தடுமாறிய அதே பிள்ளைகள் சேலையில் பளிச்சென்று சொல்கிறார்கள். வேசனுக்குப் பிறகு வந்த ஆய்வாளர்களும் இதைக் கண்டார்கள். 1982-ல் அமெரிக்காவில், மது அருந்துபவருக்கு உரிய வயது ஆகியிருக்கவேண்டும் என்ற விதியாக அதே புதிரைக் கொடுத்தபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள்.

இதில் ஆசிரியருக்கு ஒரு வழி இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த சேலையில் தொடங்கவேண்டும். அங்கே சரியாக யோசித்ததும், "இப்போது நீ எப்படி யோசித்தாய், எழுது" என்று எழுதவைக்கவேண்டும். எழுதியதை வைத்துக்கொண்டே மறுபடி அட்டைக்குப் போகவேண்டும். அதன்பிறகு பாடத்துக்கு. பாடத்தில் இந்தத் தடுமாற்றத்தின் பெயர் மறுதலை. சர்வசம முக்கோணங்கள் எல்லாம் வடிவொத்தவை. வடிவொத்த முக்கோணங்கள் எல்லாம் சர்வசமம் அல்ல. சார்புகள் எல்லாம் உறவுகள். உறவுகள் எல்லாம் சார்புகள் அல்ல. சில இடங்களில் மறுதலையும் உண்மையாக இருக்கும். பக்கங்கள் 5, 12, 13 உள்ள முக்கோணம் செங்கோண முக்கோணமா என்று கேட்டால், 25-ம் 144-ம் சேர்ந்து 169 என்று காட்டிவிட்டுப் பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலையைத்தான் காரணமாக எழுதவேண்டும். தேற்றத்தை எழுதினால், செங்கோணம் இருக்கிறது என்று முன்பே எடுத்துக்கொண்டதாகிவிடும். பொதுத்தேர்வின் 14 ஒரு மதிப்பெண் வினாக்களில் தெரிந்த பாடத்திலேயே பிள்ளைகள் தவறவிடுவதைப் பார்த்தால், பல நேரம் இப்படித் திருப்பிப் படித்ததுதான் காரணமாக இருக்கிறது.

புதிர் என்ன செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குப் புதிர் வாய்ப்பாடு கற்றுத்தராது. சூத்திரங்களுக்கும் வரைபடத்துக்கும் வடிவியல் வரைதலுக்கும் தனிப் பயிற்சிதான் வழி. அதோடு, எதையாவது செய்து மூளையைக் கூராக்கினால் எல்லாப் பாடமும் தானாக வந்துவிடும் என்பதும் உண்மையில்லை. 1901-ல் தார்ன்டைக், வுட்வொர்த் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடப் பயிற்சி பெற்றவர்கள், வேறு வடிவங்களுக்குப் போனபோது அந்தத் திறமை அவ்வளவாகக் கூடவரவில்லை. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் இருக்கிற அளவுக்குத்தான் பயிற்சி கைமாறும் என்பது அவர்கள் முடிவு. அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன.

அதனால்தான் நான் புதிரைத் தனியாக விடுவதில்லை. பாடவேளையின் தொடக்கத்தில் பிள்ளைகள் பேசாமல் படித்து, குறிப்புகளுக்கு எண் போடுவார்கள். பிறகு தனியாகச் செய்வார்கள். அடுத்துப் பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொண்டு, காரணம் இல்லாத வரிகளின் கீழே கோடு போடுவார்கள். கடைசிப் பத்து நிமிடம் பாடப்புத்தகத்திலிருந்தோ பழைய வினாத்தாளிலிருந்தோ ஒரு கணக்கு. அன்றைய புதிரில் செய்த அதே அசைவு அந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று அவர்களே காட்டவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் புதிர் வெறும் பொழுதுபோக்காகிவிடும். கைபேசியில் எத்தனை சுடோகு போட்டாலும் மதிப்பெண் நகராததற்குக் காரணமும் அதுதான். அங்கே கட்டம் நிரம்பினால் போதும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, எழுதவும் வேண்டியதில்லை.

புதிரையும் கணிதத்தையும் ஒன்றாகவே பார்த்த ஒருவரைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். கும்பகோணத்தில் சேலைக் கடையில் கணக்கு எழுதியவரின் மகன். சிறுவயதில் சில காலம், தாத்தா நீதிமன்ற அலுவலராக வேலைபார்த்த நம் காஞ்சிபுரத்தில் இருந்தவர். சீனிவாச இராமானுஜன். 1914 டிசம்பரில் கேம்பிரிட்ஜில் அவருடைய அறைக்கு நண்பர் மகலனோபிஸ் வந்திருந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். கையில் ஸ்ட்ராண்ட் பத்திரிகை. இராமானுஜன் சமைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகையில் வந்த ஒரு புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு நீண்ட தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூடுதலும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூடுதலும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன?

மகலனோபிஸ் முயன்று பார்த்தே சில நிமிடங்களில் விடையைக் கண்டிருந்தார்: 288 வீடுகள், வீட்டு எண் 204. இராமானுஜனோ அடுப்பை விட்டு நகராமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதிலிருந்து இந்த ஒரு விடை மட்டுமல்ல, இப்படி அமையக்கூடிய எல்லாத் தெருக்களும் வரிசையாக வந்தன. 8 வீடுகள் உள்ள தெருவில் 6-ஆம் வீடு: 1 முதல் 5 வரை கூட்டினால் 15, 7-ம் 8-ம் சேர்ந்தால் 15. அடுத்தது 49 வீடுகள், 35-ஆம் வீடு: இருபக்கமும் 595. அதற்கடுத்துதான் 288. அதற்கும் அடுத்தது 1681. எட்டும் நாற்பத்தொன்பதும் 50-க்குக் கீழே. 1681 ஐந்நூறைத் தாண்டிவிட்டது. 50, 500 என்ற எல்லைகள் வினாவில் எதற்காக இருந்தன என்பது எல்லா விடைகளையும் பார்த்தவருக்குத்தான் தெரியும். மகலனோபிஸிடம் விடை இருந்தது. அது ஏன் ஒன்றே ஒன்று என்பது இராமானுஜனிடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்குத் தொடர் பின்னம் தேவையில்லை. 8 வீட்டுத் தெருவை அவர்கள் கையால் கூட்டிக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்த பிறகு "வேறு தெரு உண்டா?" என்று அவர்களாகவே அடுத்ததைத் தேடத் தொடங்கினால், அன்றைய பாடம் நடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. வெள்ளிக்கிழமைப் புதிர் நோட்டோடு வீட்டுக்கு வரும். விடையை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லவேண்டாம். அண்ணன், அக்கா சொல்லிக்கொடுக்கவும் விடவேண்டாம். கணக்குப் படிக்காதவர்களும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளை "வந்திடுச்சும்மா" என்று நோட்டைக் காட்டும்போது, "வேற மாதிரி வரவே வராதா? எப்படிச் சொல்ற?" என்று கேளுங்கள். பாவு போட்டுக்கொண்டோ, சமைத்துக்கொண்டோ கேட்கலாம். பிள்ளை சொல்லும் காரணம் உங்களுக்குப் புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். புரியும்படி மறுபடி சொல்ல முயலும்போது, விட்டுப்போன நிலை எது என்று பெரும்பாலும் பிள்ளைக்கே தெரிந்துவிடும். வேகத்தைப் பாராட்டாதீர்கள், அடித்துவிட்ட நிலைகளும் அதற்கான காரணமும் நோட்டில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இந்த வாரப் புதிரை உங்களுக்கும் சேர்த்தே கொடுக்கிறேன். வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் 1979-ல் எழுந்தருளினார், 40 ஆண்டு கழித்து 2019-ல் எழுந்தருளினார், அடுத்தது 2059. கீழே மூன்று கூற்றுகள் இருக்கின்றன. எவை கட்டாயம் உண்மை?

அ. இந்த மூன்று முறையும் தரிசித்தவர் எவருக்கும் 2059-ல் 79 வயதுக்குக் குறைவாக இருக்கமுடியாது.
ஆ. 2059-ல் 85 வயதாகும் எவரும் மூன்று முறையும் தரிசித்தவராகவே இருப்பார்.
இ. 2059-ல் 60 வயதாகும் ஒருவர் மூன்று முறையும் தரிசித்திருக்க முடியாது.

பாட்டியையும் தாத்தாவையும் கூட உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி, பிள்ளையின் கையெழுத்தில் இருக்கவேண்டும். திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். விடையைவிட அந்த வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் கணித ஆசிரியை,
காஞ்சிபுரம்